கோப்பின் கடைசி நான்கு எழுத்து

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். அறுபது மளிகைக் கடைகளுக்கு முதலாளி. காபி குடித்துக்கொண்டே முந்தைய நாள் விற்பனையைச் செல்போனில் பார்ப்பது அவர் வழக்கம்.

"தம்பி, நேத்து விழுப்புரத்துலயும் விருதுநகர்லயும் கடையே தொறக்கலையா? வேலூர்ல மத்தியானத்தோட ஷட்டர் போட்டுட்டானுவளா?"

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் அது. மூன்று ஊரிலும் கடை இரவு பத்து மணிவரை நிரம்பி வழிந்திருக்கிறது. மேனேஜர்களைக் கேட்டால் பில்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. "பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணாச்சி" என்று வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். அந்த மூன்று ஊர்களும் ஏன் சேர்ந்து வந்தன என்பது கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. கிளைகளின் குறியீட்டைப் பார்த்ததும் புரிந்தது: VLR, VPM, VRD. ஆங்கில அகரவரிசையில் கடைசி மூன்று கிளைகள்.

எங்கள் முறை எளிமையானது. இரவு ஒரு மணிக்கு ஒரு நிரல் ஓடும். அன்று எல்லாக் கடைகளிலும் பில்லில் ஏறிய ஒவ்வொரு சரக்கையும் ஒரு வரியாக எழுதும். கிளை வாரியாக, அதற்குள் நேர வாரியாக அடுக்கி, ஒரே கோப்பாக வைக்கும். நாளொன்றுக்குச் சுமார் 20 லட்சம் வரிகள். விடியற்காலையில் இன்னொரு நிரல் அந்தக் கோப்பைப் படித்துக் கணக்குப் போடும். கோப்பின் வகை சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. உண்மையில் முப்பதுக்கும் மேற்பட்ட பத்திகள் உண்டு. இங்கே எட்டை மட்டும் காட்டுகிறேன்:

```
VLR,2024-06-09 13:12:07,004512,பொன்னி அரிசி 5 கிலோ,2,625.00,UPI,1250.00
```

அன்றைய கோப்பின் கடைசி வரியைத் திறந்து பார்த்தேன். இப்படி இருந்தது:

```
VLR,2024-06-09 13:12:07,004512,பொன்னி அரிசி 5 கிலோ,2,625.00,UPI,12
```

ஞாயிறு என்பதால் கோப்பு வழக்கத்தைவிடப் பெரிது. எழுதிக்கொண்டிருக்கும்போதே சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. 1250.00 என்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கம் விழுந்ததும் இடம் தீர்ந்தது. எழுதிய நிரல் அந்தப் பிழையைக் கண்டுகொள்ளவில்லை. அது எங்கள் தவறு. ஆனால் காலையில் படித்த நிரலும் கண்டுகொள்ளவில்லையே, ஏன்? அதன் பார்வையில் தவறே இல்லை. எட்டுப் பத்தி இருக்க வேண்டும், எட்டு இருந்தது. கடைசியில் ஒரு எண் இருக்க வேண்டும், 12 என்பது எண்தான். ஐந்து கிலோ அரிசி இரண்டு பையைப் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றதாகக் கணக்கில் ஏற்றிவிட்டு, கோப்பு முடிந்தது என்று அமைதியாகப் போய்விட்டது.

சிஎஸ்விக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. எழுத்து எங்கே நிற்கிறதோ அதுதான் முடிவு. முழுக் கோப்புக்கும் அறுந்த கோப்புக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. அந்த வாரம் முதலே மாற்று வழி தேட ஆரம்பித்தோம். வந்து நின்ற இடம் பார்க்கே.

ஒட்டுப் பலகைகளை அணிவகுத்துப் பதித்த மரத்தரைக்குப் பிரெஞ்சில் வழங்கும் பெயர் அது. அலுவலகத்தில் பாதிப் பேர் பார்க்கெட் என்கிறார்கள். சண்டை போட வேண்டியதில்லை. பெரிய தரவுக் குவியல்களைப் பத்தி பத்தியாகச் சேமித்து வேகமாகத் தேடும் டிரெமெல் என்ற முறையைப் பற்றி கூகுள் 2010இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. அதிலிருந்து எண்ணத்தை எடுத்துக்கொண்டு ட்விட்டர், கிளவுடேரா என்ற இரு நிறுவனங்களின் பொறியாளர்கள் 2013இல் வெளியிட்டதுதான் பார்க்கே. இன்று அது அப்பாச்சி அறக்கட்டளையின் திறந்த மூலத் திட்டம். யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

அதன் உள்ளமைப்பைச் சொல்ல நம் ஊர் மொய் நோட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மொய் நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: பெயர், ஊர், தொகை. எழுதுகிறவருக்கு இதைவிட வசதி இல்லை; ஆள் வந்தார், எழுதினோம், அடுத்தவர். ஆனால் கல்யாணம் முடிந்த இரவு "மொத்தம் எவ்வளவு வந்தது?" என்று கேட்டால், பெயரையும் ஊரையும் கண்ணால் கடந்துதான் ஒவ்வொரு தொகைக்கும் போக வேண்டும். சிஎஸ்வி இந்த மொய் நோட்டு. பார்க்கே வேறு மாதிரி எழுதும். எல்லாப் பெயர்களையும் ஓரிடத்தில், எல்லா ஊர்களையும் ஓரிடத்தில், எல்லாத் தொகைகளையும் ஓரிடத்தில், வரிசை மாறாமல். பதினேழாவது பெயருக்கு உரிய தொகை, தொகைப் பட்டியலில் பதினேழாவது. கூட்டுத்தொகை வேண்டுமென்றால் தொகைப் பட்டியலை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரே வகைச் செய்தி ஓரிடத்தில் சேர்ந்ததும் இன்னொரு லாபம் கிடைக்கிறது. மொய் எழுதுகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அடுத்தடுத்து வந்தால் ஊர்ப் பெயரை மறுபடி எழுத மாட்டார்கள், "மேற்படி" என்று போடுவார்கள். பார்க்கேயும் அதைத்தான் செய்கிறது. எங்கள் கோப்பு கிளை வாரியாக அடுக்கியது அல்லவா? கிளைப் பத்தியில் VLR என்பது ஆயிரக்கணக்கான தடவை தொடர்ந்து வரும். "VLR, இத்தனை தடவை" என்று ஒரே குறிப்பாக அது சுருங்கிவிடும். 20 லட்சம் வரிகள் கொண்ட பத்தி ஏறக்குறைய அறுபது குறிப்புகளில் முடிந்துவிடுகிறது.

தொடர்ந்து வராத சரக்குப் பெயருக்கு என்ன செய்யும்? இதில் தமிழில் பெயர் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செய்தி ஒன்று உண்டு. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் எழுத்துக்கு மூன்று பைட், மேலே ஏறும் கொம்பு, புள்ளி, கால் ஒவ்வொன்றுக்கும் தனியாக இன்னொரு மூன்று. "பொன்னி அரிசி 5 கிலோ" என்பதை எண்ணிப் பார்த்தேன்: 49 பைட். மேலே காட்டிய முழு வரிக்கும் சுமார் 100 பைட்தான். அதாவது வரியில் பாதி இடத்தைச் சரக்கின் பெயரே தின்கிறது. சராசரியாக ஒரு பெயருக்கு இவ்வளவு என்று வைத்தால் 20 லட்சம் வரிக்கு 98 எம்.பி., வெறும் பெயருக்கு.

ஆனால் எங்களிடம் இருப்பது ஏறத்தாழ 8,000 சரக்குகள்தான். பார்க்கே முதலில் அந்த 8,000 பெயர்களுக்கும் ஓர் அகராதி போட்டு வரிசை எண் கொடுக்கும். பிறகு ஒவ்வொரு வரியிலும் பெயருக்குப் பதில் எண். 8,000 எண்களைக் குறிக்க 13 பிட் போதும், ஏனெனில் 13 பிட்டில் 8,192 எண்கள் அடங்கும். 20 லட்சத்தை 13ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 3.25 எம்.பி. அகராதிக்கு ஒரு 0.4 எம்.பி. கோப்பு இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரிந்தால் பகுதிக்கு ஓர் அகராதி. எப்படிப் பார்த்தாலும் 98 எம்.பி. இருந்த இடம் ஐந்துக்குள் வந்துவிடுகிறது. இதற்கு மேல்தான் ஸ்னாப்பி, இசட்ஸ்டேண்டர்டு போன்ற வழக்கமான சுருக்கு முறையைப் போட்டு இன்னும் அழுத்துகிறார்கள்.

எல்லாப் பத்தியும் இப்படிச் சுருங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாடிக்கையாளர் செல்போன் எண் ஒவ்வொன்றும் வேறு வேறு. அங்கே அகராதி போட்டால் அகராதியே பத்தி அளவுக்கு வளரும். அகராதி ஏறத்தாழ 1 எம்.பி.யைத் தாண்டினால் பெரும்பாலான நிரல்கள் அதைக் கைவிட்டு எண்ணை அப்படியே எழுத ஆரம்பித்துவிடும். தரவில் திரும்பத் திரும்ப வருவது எவ்வளவோ, சுருக்கமும் அவ்வளவே.

என் கணக்கை நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு பொதுத் தரவு இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் டாக்சி ஆணையம் நகரில் ஓடும் ஒவ்வொரு டாக்சிச் சவாரியின் விவரத்தையும், ஏறிய நேரம், இறங்கிய நேரம், தூரம், கட்டணம், டிப்ஸ் என்று, மாதவாரியாக இலவசமாக வெளியிடுகிறது. பல ஆண்டுகள் சிஎஸ்வியாகத் தந்துவந்தவர்கள் 2022 மே 13 முதல் எல்லாவற்றையும் பார்க்கேக்கு மாற்றிவிட்டார்கள். 2021 ஜனவரியின் மஞ்சள் டாக்சிக் கோப்பில் சுமார் 13.7 லட்சம் சவாரிகள். சிஎஸ்வியாக அது சுமார் 126 எம்.பி., பார்க்கேயாகச் சுமார் 22 எம்.பி. ஆறில் ஒரு பங்கு. மாற்றிய புதிதில் எக்செல்லில் திறக்க முடியவில்லையே என்று பலர் தடுமாறியிருப்பார்கள். ஆனால் எக்செல் தாளில் மொத்தமே 10,48,576 வரிதான் கொள்ளும். அந்த மாதக் கோப்பு சிஎஸ்வியாக இருந்தபோதும் அதில் முழுதாகத் திறந்திருக்காது.

எங்கள் அலுவலகத்தில் இதையெல்லாம் சொன்னபோது ஓர் இளைஞர் கேட்டார்: "சிஎஸ்விய ஜிசிப் பண்ணாலே சின்னதாயிடுமே அண்ணே, எதுக்கு இவ்ளோ பெரிய மாத்தம்?"

சரியான கேள்வி. அளவு மட்டும்தான் கவலை என்றால் ஜிசிப் போதும். சில நேரம் பார்க்கேக்கு மிக நெருக்கமாகவே வந்து நிற்கும். அறுந்துபோன ஜிசிப் கோப்பு பிழை காட்டவும் செய்யும். ஆனால் அதைப் படிக்க வேண்டுமானால் முதல் பைட்டிலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். கிளைவாரி மொத்தம் மட்டும் வேண்டும் என்றாலும் அரிசிப் பெயர் எல்லாவற்றையும் விரித்துத்தான் தீர வேண்டும். பார்க்கேயில் கிளை, தொகை என்ற இரண்டு பத்தியை மட்டும் எடுத்தால் அந்த வேலை முடிந்துவிடும். தொகைப் பத்தி, சுருக்காமலேயே வரிக்கு எட்டு பைட் வீதம் 16 எம்.பி.தான் வரும்.

ஜிசிப் தீர்க்காத இன்னொன்று இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் அளவைவிடப் பெரிய தலைவலி. மேலே காட்டிய வரியில் சரக்குக் குறியீடு 004512. சிஎஸ்வியில் அது எண்ணா எழுத்தா என்று எங்கும் எழுதியிருக்காது. படிக்கும் நிரல் தானே ஊகிக்கும். இலக்கமாக இருப்பதால் எண் என்று முடிவு கட்டி 4512 ஆக்கிவிடும். பிறகு சரக்குப் பட்டியலில் 004512ஐத் தேடினால் பொருந்தாது. அரிசி "பிற பொருட்கள்" கணக்கில் போய்ச் சேரும். இந்த ஊகம் செய்யும் கூத்து மளிகைக் கடையோடு நிற்பதில்லை. MARCH1, SEPT1 என்ற மனித மரபணுப் பெயர்களை எக்செல் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே MARCHF1, SEPTIN1 என்று மாற்றிவிட்டது. எக்செல்லோடு மல்லுக்கட்ட முடியாமல் உயிரியலே வளைந்துகொடுத்தது.

பார்க்கே கோப்பில் ஒவ்வொரு பத்தியின் வகையும் கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும். குறியீடு எழுத்து, தொகை இரண்டு தசம இலக்கம் கொண்ட எண், நேரம் நேரம். எழுதும்போது ஒருமுறை சரியாகச் சொன்னால் படிக்கும் எவரும் ஊகிக்க வேண்டியதில்லை.

இந்த விவரம் எங்கே எழுதப்படுகிறது என்பதில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதைக்குப் பதில் இருக்கிறது. பார்க்கே கோப்பின் முதல் நான்கு எழுத்து PAR1. கடைசி நான்கு எழுத்தும் PAR1. அந்தக் கடைசி நான்குக்குச் சற்று முன்னால் கோப்பின் உள்ளடக்கக் குறிப்பு இருக்கும்: என்னென்ன பத்திகள், எந்தப் பத்தி எந்த இடத்தில் தொடங்குகிறது, மொத்தம் எத்தனை வரி, ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு பத்தியின் மிகச் சிறிய மதிப்பும் மிகப் பெரிய மதிப்பும் என்ன. குறிப்பைக் கடைசியில் வைக்கக் காரணம், எல்லாப் பத்தியையும் எழுதி முடித்த பிறகுதான் எது எங்கே விழுந்தது என்று எழுதுகிறவனுக்கே தெரியும். படிக்கும் நிரல் நேரே கோப்பின் வாலுக்குப் போய்க் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வரும். ஆகவே பாதியில் அறுந்த கோப்புக்கு வால் இருக்காது. வால் இல்லாத கோப்பை அது திறக்கவே திறக்காது. பைதான் மொழியின் பைஆரோ நூலகத்தில் படித்தால் இப்படி முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்:

```
Parquet magic bytes not found in footer. Either the file
is corrupted or this is not a parquet file.
```

காலை ஐந்து மணிக்கு இந்தச் செய்தி எனக்கு வரும். எட்டரைக்கு அண்ணாச்சியின் போன் வருவதைவிட இது மேல். ஒரு நஷ்டமும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அறுந்த சிஎஸ்வியில் வேலூர் மதியம்வரையாவது மிஞ்சியது. அறுந்த பார்க்கேயில் ஒன்றுமே தேறாது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். மறுபடி ஏற்றுமதி செய்யத்தான் வேண்டும். இரவு ஏற்றுமதிக்கு மூலத் தரவு தரவுத்தளத்தில் பத்திரமாக இருப்பதால் எங்களுக்கு அது பரவாயில்லை.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. டக்டிபி என்ற இலவச மென்பொருளில் ஒரே கட்டளை:

```sql
COPY (SELECT * FROM read_csv('sales.csv',
        types = {'item_code': 'VARCHAR',
                 'amount': 'DECIMAL(12,2)'}))
TO 'sales.tmp' (FORMAT parquet, COMPRESSION zstd);
```

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குறியீடு எழுத்து என்று வகையை நாமே சொல்லியிருக்கிறோம். சொல்லாவிட்டால் டக்டிபியும் ஊகித்து முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும், அந்தத் தவறு பார்க்கேக்குள் நிரந்தரமாகப் போய் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, sales.tmp என்று எழுதி, முடிந்த பிறகுதான் sales.parquet என்று பெயர் மாற்றுகிறோம். எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை யாரும் அவசரப்பட்டு எடுத்துவிடாமல் இருக்க. உண்மையில் சிஎஸ்வியை இடையில் வைக்காமல் தரவுத்தளத்திலிருந்து நேரே பார்க்கே எழுதுவதே நல்லது. நாங்கள் அந்த இடத்துக்கு வந்து சேர மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்தில் பார்க்கேயும் எங்களைச் சும்மா விடவில்லை. கூப்பன் எண் என்று ஒரு பத்தி உண்டு. தள்ளுபடி எதுவும் இல்லாத ஒரு நாளில் 20 லட்சம் வரியிலும் அந்தப் பத்தி காலி. எழுதிய நிரல் காலியைப் பார்த்து, வகை தெரியாத பத்தி என்று பதிந்துவிட்டது. மற்ற நாள்களில் அதே பத்தி எழுத்து வகை. மாதக் கடைசியில் முப்பது கோப்பையும் சேர்த்துப் படித்தபோது, வகை ஒத்துப்போகவில்லை என்று நின்றுவிட்டது. தினமும் தரவைப் பார்த்து வகையை முடிவுசெய்ய விடாமல், பத்திகளின் வகையை ஒரே பட்டியலாக எழுதி வைத்து ஒவ்வொரு இரவும் அதையே பயன்படுத்துவதுதான் இதற்கு மருந்து.

பிறகு ஒருவர் ஆர்வக்கோளாறில் கடைக்கு ஒரு கோப்பு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு என்று ஆரம்பித்தார். சில நூறு வரிகள் கொண்ட கோப்பில் அகராதியும் வால் குறிப்பும் தரவைவிடப் பெரிதாகிவிடும். சுருக்கமும் போய், ஆயிரக்கணக்கான கோப்பைத் திறந்து மூடும் நேரமும் சேர்ந்துகொண்டது. பார்க்கே பெரிய மூட்டைக்கு உரிய சாக்கு. எழுதி முடித்த கோப்பின் அடியில் நாலு வரி ஒட்டவைக்கவும் அதில் வசதி இல்லை.

ஆடிட்டர் அலுவலகத்துக்கு இன்னும் சிஎஸ்விதான் அனுப்புகிறோம். அவர்களுக்கு நோட்பேடில் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும், அது நியாயம்தான். கிளைவாரி மாத மொத்தம், அறுபது வரி. அறுபது வரிக்குப் பார்க்கே எதற்கு?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வால் இருப்பதால் கோப்பு முழுமை என்று மட்டுமே அர்த்தம். தரவு முழுமை என்று அர்த்தமில்லை. தரவுத்தளத்தின் தொடர்பு பாதியில் அறுந்து, நிரல் "சரி, இவ்வளவுதான் போலிருக்கிறது" என்று 12 லட்சம் வரியோடு கோப்பை ஒழுங்காக மூடினால், PAR1 அழகாக விழுந்திருக்கும். விழுப்புரம் அப்போதும் பூஜ்யம்தான். அதனால் இரவு ஏற்றுமதி முடிந்ததும் நாங்கள் ஓட்டும் ஒரு வரி இது. கோப்பைப் படிக்காமல் வாலில் இருக்கும் எண்ணிக்கையை மட்டும் எடுத்துத் தரும்:

```sql
SELECT num_rows FROM parquet_file_metadata('sales.parquet');
```

வரும் எண்ணைத் தரவுத்தளத்தில் அன்றைய வரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். உங்கள் அலுவலகம் இன்னும் சிஎஸ்வியிலேயே இருந்தாலும் இந்த ஒப்பீட்டை இன்றிரவே தொடங்கிவிடுங்கள். கோப்பு வகையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.